ஜிப்சத்தைக் கும்பிட்டவன்

எங்கள் தெருவில் எனக்கு 'டைனோசர் சார்' என்று பெயர். கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளியவனுக்கு இந்தப் பட்டம் வாயால் வந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே "அப்புறம், என்ன விசேஷம்?" என்று கேட்டால், மற்றவர்கள் மழை பெய்யாததைப் பற்றிச் சொல்வார்கள். நான் வானத்திலிருந்து விழுந்த கல்லைப் பற்றிச் சொல்வேன். பாயசம் வருவதற்குள் உலகத்தை அழித்து முடித்துவிடுவேன்.

நெடுநாள் வரை அந்தக் கல் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் விழுந்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காலக்கணிப்பைச் சீர்செய்து 6.6 கோடி என்று ஆய்வாளர்கள் திருத்திய பிறகும் என் பந்தி உரை திருந்தவில்லை. பத்து லட்சம் ஆண்டு உதைத்தது. அதுவும் கணக்கு வாத்தியாருக்கு.

என் அறிவெல்லாம் இத்தாலியில் குப்பியோ என்ற ஊரில் தொடங்கியது. நேரில் அல்ல, படித்ததில். அங்கே மலைப்பாதை ஓரத்தில் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக நிற்கிறது. ஒருகாலத்தில் அது ஆழ்கடல் தரை. கீழ் அடுக்குகளில் ஃபோரமினிஃபெரா என்கிற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள், கைலென்ஸ் வைத்தாலே தெரியும் அளவுக்குப் பெரிதாக, வகைவகையாக இருக்கின்றன. அதன் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு வெறும் களிமண். அதற்கு மேலே மறுபடியும் சுண்ணாம்பு. ஆனால் அதிலுள்ள ஓடுகள் பொடிப்பொடியானவை, வகையும் சொற்பம். வால்டர் ஆல்வரெஸ் என்ற புவியியலாளர் இதைப் பார்த்துவிட்டு, அந்தக் களிமண் படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று யோசித்தார். அவருடைய அப்பா லூயிஸ் ஆல்வரெஸ், நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர். விண்வெளித் தூசு பூமியின் மேல் எப்போதும் ஒரே அளவில் மெல்ல விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தூசில் இரிடியம் இருக்கிறது. பூமியின் மேலோட்டிலோ அது மிக அரிது. எனவே களிமண்ணில் உள்ள இரிடியத்தை அளந்தால் அது படிந்த காலம் தெரிந்துவிடும் என்றார் அப்பா. அவர்கள் தேடியது ஒரு கடிகாரம்தான், கொலைகாரனை அல்ல. ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷலும் அளந்து கொடுத்தபோது, மேலும் கீழும் உள்ள பாறையைவிட களிமண்ணில் சுமார் 30 மடங்கு இரிடியம் இருந்தது. டென்மார்க்கில் அதே களிமண்ணில் 160 மடங்கு. கடிகாரம் உடைந்துபோனது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பந்தியில் அதைச் சொன்னதே இல்லை, சொன்னால் கதையின் வேகம் குறைந்துவிடும். அவர்களுடைய முதல் சந்தேகம் எரிகல் மேல் விழவில்லை. பக்கத்தில் ஏதோ நட்சத்திரம் வெடித்திருக்குமோ என்றுதான் நினைத்தார்கள். அப்படியென்றால் புளூட்டோனியம்-244 இருந்தாக வேண்டும். சோதித்தார்கள், இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் கொண்டாடியிருப்பார்கள். ஆனாலும் இன்னொரு மாதிரியை எடுத்து முதலிலிருந்து மறுபடி சோதித்தார்கள். இந்த முறை இல்லை. முதலில் கண்டது வெளியிலிருந்து கலந்த அசுத்தம். நட்சத்திரத்தைக் கைவிட்டுவிட்டு வேறு காரணம் தேடப் போனார்கள். சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் என்ற முடிவு 1980-இல் அச்சேறியது.

நான் இரண்டாம் முறை சோதிக்கும் ஜாதி இல்லை. குப்பியோவில் இருக்கிற களிமண் நம் பெரம்பலூரில் இல்லாமலா போகும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குக் கிளம்பிவிட்டேன். காரையை அறியாதவர்களுக்கு: மழைநீர் அரித்து அரித்து, புல்கூட முளைக்காத மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் களிமண் நிலம் அது. காலுக்குக் கீழே துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் பெலெம்னைட்டுகள் சிதறிக் கிடக்கும். கணவாயின் சொந்தக்காரர்களுடைய உள்ளெலும்பு அவை. ஓர் ஓடைக் கரையில், பழுப்பு மண்ணுக்கு நடுவே பளபளவென்று ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதைப் பார்த்தேன். விரல் தடிமன். உடம்பெல்லாம் புல்லரித்தது. செருப்பைக் கழற்றினேனா என்று கேட்காதீர்கள். கழற்றினேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன சார், ஏதாச்சும் வுழுந்திருச்சா?" என்றாள்.

"ஆமா ஆயா, வானத்துலேர்ந்து" என்றேன்.

அவள் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படம் எடுத்து வந்து, பாறைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "தம்பி, இது ஜிப்சம். சிமென்ட்டுல போடுவாங்களே, அது." பிறகு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நான் கும்பிட்ட வெள்ளைக் கோடு களிமண் அடுக்குகளோடு ஓடவில்லை. அவற்றைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஓரிடத்தில் இரண்டாகக் கிளை பிரிந்திருந்தது. கடலடியில் படிந்த அடுக்கு அப்படிக் கிளை பிரியாது. இது பின்னாளில் களிமண் வெடித்த வெடிப்பில் நிரம்பியது. இப்படிப்பட்ட களிமண்ணில் இருக்கும் இரும்புச் சல்பைடு காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து அமிலமாகி, சிப்பிகளின் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஜிப்சம் உண்டாகும். ஒரு கோடு அடுக்கோடு படுத்திருக்கிறதா, அடுக்கை வெட்டுகிறதா என்று பார்ப்பது புவியியலில் முதல் வகுப்புப் பாடமாம்.

"அதுகூடப் பரவாயில்ல தம்பி" என்று அண்ணன் தொடர்ந்தார். அதுதான் வலித்தது. காரைக் களிமண் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழசு. நான் தேடிய சம்பவம் நடக்க அங்கே இன்னும் மூன்று கோடி ஆண்டுக்கு மேல் பாக்கி இருந்தது. சாவு விழாத வீட்டில் போய்த் துக்கம் விசாரித்திருக்கிறேன்.

அதே பயணத்தில் ஒரு டைனோசர் முட்டையும் கொண்டு வந்திருந்தேன். உருண்டையாக, கனமாக, தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. டிவிக்குப் பக்கத்தில் பட்டுத்துணி விரித்து வைத்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "எப்பப் பொரிக்கும்னு சொல்லிடுங்க, அன்னிக்கு அம்மா வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள். அண்ணன் அதையும் விட்டுவைக்கவில்லை. முட்டை என்றால் ஓடு வேண்டும். அந்த ஓட்டில் கால்சைட் படிகங்கள் ஒரு முறையாக நிற்க வேண்டும். காற்றுப் போக நுண்துளைகள் வேண்டும். மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் தெரிந்துவிடும். என் உருண்டையில் ஓடே இல்லை. அது, வண்டலுக்குள் ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ சுற்றி நீரிலிருந்து தாதுக்கள் படிந்து இறுகிய உருண்டை. இப்போது அது மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மூடியின் மேல் கனத்துக்கு இருக்கிறது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டபோது போனேன். கரும்பலகையில் அடுக்குகள் வரைந்து, கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே அம்மோனைட் இருக்கிறது, மேலே இல்லை, ஆகவே ஒரே நாளில் செத்தது என்று சாக்பீஸைத் தட்டி முடித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், கடைசியா கிடைச்சதுதான் கடைசியா உயிரோட இருந்ததுன்னு எப்படி சார் சொல்றீங்க?" என்றாள்.

"நல்ல கேள்வி" என்றேன். பதில் தெரியாதபோது வாத்தியார்கள் சொல்வது இதைத்தான். தலைமையாசிரியர் மணி அடித்துக் காப்பாற்றினார்.

பிறகுதான் படித்தேன்: பிலிப் சிக்னர், ஜெரி லிப்ஸ் என்ற இருவர் 1982-இல் அதே கேள்வியை எழுப்பினார்கள், அவர்கள் பேரிலேயே ஒரு விளைவு நிலைத்துவிட்டது. எங்கள் தெருவை வைத்துச் சொல்கிறேன். பால்காரர் தினமும் வருகிறார். சாணை பிடிப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். ஜூன் முதல் தேதி தெருவையே அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் நோட்டைப் பின்னால் புரட்டுகிறவருக்குப் பால்காரர் மே 31 வரை வந்தது தெரியும். சாணைக்காரரோ பிப்ரவரியிலேயே நின்றுவிட்டது போலத் தோன்றும். தெரு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

பாறையில் இதன் அளவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது ஒன்றுதான் எனக்கு வரும். குப்பியோ போன்ற ஆழ்கடல் சுண்ணாம்பு ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஓர் இனத்தின் புதைபடிவம் சராசரியாகப் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று கிடைக்கிறதென்றால், அதன் 'கடைசி' எல்லைக்கோட்டை ஒட்டியே இருக்கும். இன்னோர் அரிய இனம் ஐந்து மீட்டருக்கு ஒன்றுதான் கிடைக்கிறதென்றால், அதன் கடைசி கோட்டுக்கு ஐந்து மீட்டர் கீழே நின்றுவிடலாம். இரண்டும் ஒரே நாளில் செத்திருந்தாலும், இரண்டாவது ஐந்து லட்சம் ஆண்டு முன்னதாகவே மறைந்ததாகப் பாறை பொய்ச்சாட்சி சொல்லும்.

இதில் உண்மையாகவே மாட்டியவர் பீட்டர் வார்டு. ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் சுமாயா என்ற ஊரில், கடல் அலை மோதும் செங்குத்துப் பாறையில் அம்மோனைட்டுகளைத் தேடினார். முதலில் அவருக்குக் கிடைத்தவை எல்லைக்குச் சுமார் பத்து மீட்டர் கீழேயே நின்றுபோயின. எரிகல் விழும் முன்பே அம்மோனைட்டுகள் தேய்ந்து மறைந்துவிட்டன என்று எழுதினார். அதோடு கடையைக் கட்டாமல் அவர் தேடிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் பிரான்ஸ் எல்லைக்குள் ஆந்தாய் என்ற இடத்தில், களிமண்ணுக்கு ஒரு மீட்டருக்குள்ளாகவே அம்மோனைட்டுகள் கிடைத்தன. தேடத் தேடக் 'கடைசி' மேலே ஏறியது. அப்படி ஏறுவதே ஓர் அடையாளம்: அழிவு திடீரென்று நடந்திருந்தால், கூடுதல் தேடல் கடைசிகளைக் கோட்டை நோக்கித் தள்ளும். மெல்ல நடந்திருந்தால், எவ்வளவு தேடினாலும் அவை அங்கேயே நிற்கும்.

அப்படி நின்றவையும் உண்டு. இனோசெராமிட் என்ற பெரிய சிப்பி வகை அதே கடற்கரையில் எல்லைக்கு வெகு கீழேயே நின்றுபோகிறது. அது அரிதாகக் கிடைப்பதல்ல. கீழ் அடுக்குகளில் தாராளமாகக் கிடைப்பது. தாராளமாக இருந்த ஒன்று திடீரென்று காணாமல் போய், அதன் பிறகு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், அது நிஜமாகவே முன்னால் போய்விட்டது. சார்ல்ஸ் மார்ஷலும் வார்டும் 1996-இல் இடைவெளிகளைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது இரண்டுமே உண்மை என்று வந்தது: சில இனங்கள் முன்பே போய்விட்டன, கணிசமான அம்மோனைட்டுகள் எல்லை வரை வந்து அங்கேதான் விழுந்திருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லப் பள்ளிக்குத் திரும்பப் போனேன். அவள் அதற்குள் வேறு பள்ளிக்கு மாறியிருந்தாள்.

ஃபோரமினிஃபெராவிடம் இந்த வம்பு குறைவு, ஒரு சிட்டிகை மண்ணிலேயே நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஆனால் அங்கே எதிர்ப்பக்கச் சிக்கல். எல்லைக்கு மேலே பழைய இனத்தின் ஓடு ஒன்று கிடைத்தால், அது பிழைத்த உயிரா, பழைய வண்டல் அரிபட்டு மேலே வந்து படிந்ததா? ஓட்டிலுள்ள கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளைப் பார்க்கிறார்கள். அழிவுக்கு முந்தைய கடலின் விகிதத்தைச் சுமந்திருந்தால் அது செத்தவனின் சட்டை, பிழைத்தவன் அல்ல. துனீசியாவில் எல் கெஃப் என்ற இடத்துப் பாறையை வைத்து ஒரு சோதனைகூட நடந்தது. பெயர் எழுதாத மாதிரிகளை, எந்த அடுக்கிலிருந்து வந்தவை என்று சொல்லாமல் நான்கு பேரிடம் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். முடிவு வந்ததும் திடீர் அழிவுக் கட்சியின் யான் ஸ்மிட்டும் படிப்படி அழிவுக் கட்சியின் கெர்டா கெல்லரும் தங்கள் பக்கமே ஜெயித்ததாகச் சொன்னார்கள். நம் ஊர்த் தேர்தல் முடிவைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

என் அடுத்த சறுக்கல் தேசபக்தியால் வந்தது. தக்காணத்து எரிமலைக் குழம்பைப் பற்றிப் படித்ததும் கட்சி மாறிவிட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாபலேஸ்வர் பக்கம் படிப்படியாகத் தெரிகிறதே, அந்தக் கறுப்புப் பாறை அத்தனையும் தரை பிளந்து வழிந்த குழம்பு. இன்று மிச்சமிருப்பதே ஏறக்குறைய ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டர் ஓடி ராஜமுந்திரி வரை வந்திருக்கிறது. டைனோசர்களைக் கொன்றது எங்கோ மெக்சிகோவில் விழுந்த கல் அல்ல, நம் தக்காணம்தான் என்று ஒரு நூலக விழாவில் முழங்கினேன். கை தட்டினார்கள்.

2019-இல் பிளேர் ஷோனே குழு வெளியிட்ட கட்டுரையின் சுருக்கம்தான் எனக்கு ஆதாரம். குழம்பு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய சாம்பலிலிருந்த சிர்கான் மணிகளை யுரேனியம்-ஈய முறையில் கணித்தவர்கள் அவர்கள். எல்லைக்குச் சில பத்தாயிரம் ஆண்டு முன்னால் ஒரு பெரும் பொங்கல் நடந்ததாகச் சொன்னார்கள். கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஓர் இளைஞர், "சார், அதே 'சயின்ஸ்' இதழில் அடுத்த கட்டுரை படிச்சீங்களா?" என்று பணிவாகக் கேட்டார். படிக்கவில்லை. கோர்ட்னி ஸ்பிரெய்ன் குழு குழம்புப் பாறையையே ஆர்கான் முறையில் கணித்து, முக்கால்வாசிக் குழம்பு எல்லைக்குப் பிறகுதான் வழிந்தது என்று அதே இதழில் எழுதியிருந்தது. செத்தபிறகு குத்தியவனைக் கொலைகாரன் என்று சொல்ல முடியாது. இரண்டு குழுக்களும் கவனமாக வேலை செய்தவர்கள்தான். 6.6 கோடி ஆண்டில் சில பத்தாயிரம் ஆண்டு என்பது இந்த முறைகளின் பிழை எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முன்னா பின்னா என்ற வழக்கு முழுவதும் அந்த இடுக்கில்தான் நடக்கிறது.

குழம்பின் வயது தீர்க்காததை வேறு சாட்சி கொஞ்சம் தீர்த்தது. எரிமலை கொல்வது குழம்பால் அல்ல, வாயுவால். வாயு கடலைச் சூடாக்கியிருந்தால் ஆழ்கடல் ஓடுகளில் அது பதிந்திருக்க வேண்டும். பின்செலி ஹல் குழு 2020-இல் அதைப் பார்த்தது. சுமார் இரண்டு டிகிரி சூடேறியது உண்மை. ஆனால் எல்லைக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆண்டு முன்பே அந்தச் சூடு தணிந்தும் விட்டது. அப்போது கடலில் பேரழிவு எதுவும் இல்லை. இரிடியத்தையாவது எரிமலையும் கக்கலாம் என்று ஒருகாலத்தில் வாதாட முடிந்தது. ஹவாயில் கிலவேயா எரிமலையின் புகையில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் 1984-இல் புரூஸ் போஹோர் அந்த எல்லைக் களிமண்ணில் கண்ட குவார்ட்ஸ் மணிகள் வேறு ரகம். ஒன்றுக்கொன்று சாய்வாக, பல திசைகளில் இணைகோடுகள் ஓடும் மணிகள் அவை. அப்படிக் கோடு விழ எரிமலையின் அழுத்தம் போதாது. அணுகுண்டுச் சோதனைத் தளமோ எரிகல் பள்ளமோ வேண்டும். யுகட்டானில் சிக்சுலூப் என்ற இடத்தின் கீழே சுமார் 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம் புதைந்து கிடப்பது 1991-இல் உறுதியானது. என் தீர்ப்பு இப்போது இதுதான்: வெட்டியது எரிகல். தக்காணம் அதற்கு முன் நோயாளியைப் படுக்க வைத்ததா, பிறகு எழவிடாமல் தடுத்ததா என்பது இன்னும் விசாரணையில். நூலகத்தில் கைதட்டியவர்கள் மன்னிக்க வேண்டும்.

இதை வைத்து எல்லா அழிவுக்கும் எரிகல்லைக் கூப்பிடவும் கூடாது; அதையும் ஒரு பந்தியில் செய்திருக்கிறேன். 25.2 கோடி ஆண்டுக்கு முன்னால் நடந்த இதைவிடப் பெரிய அழிவுக்கு, எல்லோரும் ஏற்கும் பள்ளமும் இல்லை, இரிடியமும் இல்லை. அங்கே சைபீரியாவின் எரிமலைக் குழம்புதான் முதல் குற்றவாளி.

அப்படியானால் நம் பக்கத்து எல்லைக்கோடு எங்கே? காரையில் அல்ல, கிழக்கே அரியலூர்ப் பக்கம். கல்லமேட்டுப் பாறை கிரெட்டேசியஸின் கடைசிக் காலம். ஆற்று மணலும் சேறும் படிந்தது, டைனோசர் எலும்பு கிடைத்த இடம். அதன் மேல் வரும் நின்னியூர்ச் சுண்ணாம்பு அழிவுக்குப் பிறகு வந்த கடலில் படிந்தது. ஆற்றுப் படிவின் மேல் கடல் ஏறி வந்து படிந்தால் நடுவில் காலம் விடுபட்டுப்போகும். விடுபட்ட இடத்தில், மெல்ல நடந்ததுகூடத் திடீரென்று நடந்தது போலவே தெரியும். அதனால் அங்கே கைவைத்து 'இதுதான் அந்த நாள்' என்று காட்ட முடியாது. அதற்கு இன்னமும் குப்பியோவுக்கோ டென்மார்க்குக்கோதான் போக வேண்டும்.

கடைசியாக அண்ணன் கேட்டது, என் வீட்டு அட்டைப்பெட்டியில் இருந்த பெலெம்னைட், சிப்பி, அம்மோனைட் துண்டுகளைப் பார்த்துவிட்டு: "இதெல்லாம் எந்த அடுக்கு, எத்தனை மீட்டர்ல எடுத்தது?" நான் கூரையைப் பார்த்தேன். "அப்ப இது வெறும் கல்லு தம்பி" என்றார். வார்டின் பத்து மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் நடுவேதானே வழக்கே இருந்தது. உயரம் எழுதாத புதைபடிவம் அந்த வழக்கில் சாட்சி சொல்லாது. எனவே காரைக்கோ அரியலூருக்கோ போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் எது என்ன என்று பார்த்துக்கொண்டு போங்கள். தரையில் பார்ப்பதைப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்லை அதன் அடுக்கிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.